நார் மில் போடலாமா: ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கும்போது நடக்கும் தவறுகள்

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய கோபாலபுரம் பக்கம் ஒருவர் தேங்காய் நார் மில் போடத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம், கொட்டகை, களம் எல்லாம் சேர்த்து முதலீடு 60 லட்சம் ரூபாய். மில் 7 வருடம் ஓடும். கடைசியில் பழைய இரும்பு விலையையும் வரியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வருடத்துக்கு 250 நாள், நாளைக்கு 20,000 மட்டை, ஆக 50 லட்சம் மட்டை. ஆயிரம் மட்டைக்கு 80 கிலோ நார் வீதம் 4 லட்சம் கிலோ நார். கிலோ 20 ரூபாய்க்குப் போனால் 80 லட்சம். நார்த்தூள் விற்று 32 லட்சம். செலவுப் பக்கம், மட்டை ஒன்று 1.20 ரூபாய் என்று 60 லட்சம். கூலி, கரண்ட், டீசல் போல ஓடும் நாளுக்கு ஏற்ப ஏறி இறங்கும் செலவு 20 லட்சம். சம்பளம், இன்சூரன்ஸ், பராமரிப்பு போல மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் செலவு 16 லட்சம். வருடத்துக்குக் கையில் நிற்பது 16 லட்சம்.

இந்தப் பணத்துக்கு 12 சதவீதம் எதிர்பார்க்கிறோம் என்றால் வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால் நிற்கும் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது என்.பி.வி., எக்செல்லில் லட்சக் கணக்கில் இப்படி வரும்:

```
=PV(12%,7,-16)-60
```

விடை 13.02 லட்சம். சுழியத்துக்கு மேலே இருப்பதால் போடலாம் என்கிறது கணக்கு. சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு எண்ணை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, ‘போடலாம்’ எந்த இடத்தில் ‘வேண்டாம்’ ஆகிறது என்று தேடுவதே வேலை.

முதல் தவறு, எல்லா எண்ணையும் ஒரே 10 சதவீதம் ஆட்டிப் பார்ப்பது. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஏமாற்றும். நார் விலை 10 சதவீதம் இறங்கினால் என்.பி.வி. மைனஸ் 23.49 லட்சம். முதலீடு 10 சதவீதம் ஏறினாலோ இன்னும் பிளஸ் 7.02 லட்சம். ஆனால் இரண்டும் ஒரே அளவுக்கு ஆடக்கூடியவையா? இயந்திரத்துக்குக் கொட்டேஷன் வாங்கியாயிற்று என்றால் அதில் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது. நார் விலை வாங்குபவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் சொந்த எல்லையைத்தான் போட வேண்டும். சுற்றுவட்டார மில்களின் விற்பனை பில்களை மாதவாரியாக அடுக்கினால் விலை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அதைவிட நல்ல வழி, தலைகீழாகக் கேட்பது. என்.பி.வி. சரியாகச் சுழியம் ஆக வருடத்துக்கு எவ்வளவு நிற்க வேண்டும்? 13.15 லட்சம். நம்மிடம் இருப்பது 16. இடைவெளி 2.85 லட்சம்தான். நார் விலையில் இது கிலோவுக்கு 71 பைசா. 20 ரூபாய் 19.29-க்கு வந்தாலே முடிவு மாறிவிடும். மட்டை விலையில் ஆறு பைசாகூட இல்லை. முதலீடோ 13 லட்சம் வரை கூடினாலும் தாங்கும். மேலே உள்ள ஃபார்முலாவில் 16 என்ற எண்ணுக்குப் பதில், நார் விலையிலிருந்து அது கணக்காகி வரும் கட்டத்தை வைத்துவிட்டு, எக்செல்லில் Data, What-If Analysis, Goal Seek என்று போய், Set cell-இல் என்.பி.வி. இருக்கும் கட்டத்தையும், To value-வில் 0-வையும், By changing cell-இல் நார் விலைக் கட்டத்தையும் கொடுத்தால் இந்த விடை வரும்.

Goal Seek அசையாமல் நின்றாலோ, என்.பி.வி. மாறாமலே இருந்தாலோ நடுவில் எங்கோ ஃபார்முலாவுக்குப் பதில் எண்ணையே தட்டச்சு செய்திருக்கிறீர்கள். 80 லட்சம் என்று நேராக அடித்து வைத்த கட்டத்துக்கு, நார் விலை மாறியது தெரியவே தெரியாது.

இரண்டாவது தவறுதான் அதிகம் நடப்பது, சேதமும் இதில்தான் அதிகம். ஒரு எண்ணை மட்டும் மாற்றுகிறோம் என்ற பெயரில், அதோடு கட்டுண்ட எண்களை விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. களத்தில் நார் காயாத நாளில் மில்லை ஓட்டிப் பயனில்லை. எனவே ஓடும் நாள் 250-இலிருந்து 225 ஆனால் என்ன என்று பார்ப்பது நியாயமான கேள்வி.

அவசரத்தில் செய்பவர் நாரும் தூளும் விற்ற 112 லட்சத்தில் 10 சதவீதத்தைக் கழித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். 11.2 லட்சம் போய் 4.8 லட்சம்தான் மிஞ்சும், என்.பி.வி. மைனஸ் 38 லட்சம் என்று பயமுறுத்தும். ஆனால் ஓடாத நாளில் மட்டை வாங்கப்போவதில்லை; அதில் 6 லட்சம் மிச்சம். கூலியும் கரண்டும் 2 லட்சம் குறையும். சம்பளமும் இன்சூரன்சும் மட்டும் அப்படியே நிற்கும். சரியாகப் போட்டால் வருடத்துக்கு 12.8 லட்சம், என்.பி.வி. மைனஸ் 1.58 லட்சம். விடை இரண்டிலும் ‘வேண்டாம்’தான். ஆனால் மைனஸ் 38 என்றால் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். மைனஸ் ஒன்றரை என்றால் சரிசெய்ய வழி தேடுவார். மாற்ற வேண்டிய கட்டம் ‘ஓடும் நாள்’ ஒன்றுதான். வரவும் மட்டைச் செலவும் கூலியும் அதிலிருந்தே ஃபார்முலாவாக வர வேண்டும்.

இன்னொன்று, விலை இறக்கம் எத்தனை வருடத்துக்கு என்று சொல்லாமல் விடுவது. நார் 19 ரூபாய் ஆனால் ஏழு வருடமும் அப்படியே என்று எடுத்தால் மைனஸ் 5.23 லட்சம். முதல் வருடம் மட்டும் என்றால் பிளஸ் 9.45 லட்சம். சுருக்க அட்டவணையில் இதை எழுதாவிட்டால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

கடைசியாக, தனித்தனியே தேறியதால் எல்லாம் தேறியது என்று நினைப்பது. நார் விலை 3 சதவீதம் குறைந்தால் என்.பி.வி. 2.07 லட்சம் மிச்சம். மட்டை விலை 3 சதவீதம் கூடினால் 4.81 லட்சம் மிச்சம். இரண்டும் சேர்ந்து வந்தால் மைனஸ் 6.15 லட்சம். ஒவ்வொன்றாக மாற்றும் முறையால் இதைக் காட்ட முடியாது. சேர்ந்து வரக்கூடியவற்றைச் சேர்த்தே போட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும். சில நேரம் இது நம் பக்கமும் பேசும். தென்னையில் காய்ப்புக் குறைந்து மட்டை விலை 5 சதவீதம் ஏறினால் தனியாக மைனஸ் 67 ஆயிரம். அதே தட்டுப்பாட்டில் நாரும் 2 சதவீதம் ஏறினால் பிளஸ் 6.63 லட்சம்.

இப்போது மழை நாளுக்குத் திரும்புவோம். ஓடும் ஒவ்வொரு நாளும் 12,800 ரூபாய் தருகிறது. 22 நாள் வரை இழக்கலாம், 23-ஆவது நாளில் என்.பி.வி. மைனஸ் ஆகிறது. களத்தின் ஒரு பகுதிக்குக் கூரை போட்டால் வருடத்துக்கு 20 நாள் மீளும் என்றால், அது வருடத்துக்கு 2.56 லட்சம், ஏழு வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 11.68 லட்சம். கூரைக்கு வரும் கொட்டேஷன் அதற்குக் கீழே இருந்தால் முதலீட்டைக் கூட்டிப் போடுவதுதான் லாபம்.