சமய சபைகளில் திருநங்கையரும் தன்பால் ஈர்ப்பாளரும்: கருத்தரங்கக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் இந்தத் தலைப்பில் கட்டுரை எழுத உட்காரும் மாணவருக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. சிஎஸ்ஐ சேகரங்கள், கத்தோலிக்கப் பங்குகள், மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் ஜமாஅத்துகள், ஊருக்கு ஊர் அம்மன் கோயில்கள், சுடலைமாடன் கோயில்கள் என்று எல்லாமே ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன. கட்டுரை வழுக்குவது வேறு இடத்தில். யார் கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்ற மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. கருத்தரங்க மேடையில் நடுநிலை என்பது பெரும்பாலும் இந்த மூன்றையும் பிரித்து வைப்பதுதான் என்பது என் கருத்து.

முதல் தவறு, இரண்டு விவாதங்களை ஒன்றாக்கி எழுதுவது. திருநங்கை அல்லது திருநம்பி ஒருவர் சபையில் எழுப்பும் கேள்வி, நான் யார் என்பதைப் பற்றியது: ஞானஸ்நானப் பதிவேட்டில் எந்தப் பெயர், ஆராதனையில் ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா, பெண்கள் ஐக்கியத்தில் இடம் உண்டா. தன்பால் ஈர்ப்புள்ள விசுவாசி எழுப்பும் கேள்வி உறவைப் பற்றியது: அந்த உறவு பாவமா, அதை ஆசீர்வதிக்கலாமா, அப்படி வாழ்பவர் திருவிருந்துக்கு வரலாமா, ஊழியம் செய்யலாமா. இரண்டுக்கும் எடுக்கப்படும் வேத வசனங்களே வேறு. திருநங்கையர் விவாதத்தில் ஆண்மை நீக்கப்பட்டவரைச் சபைக்கு வெளியே நிறுத்தும் உபாகமம் 23:1, அதற்கு எதிர்முகமாக அப்படிப்பட்ட அண்ணகர்களுக்கு வாக்குக் கொடுக்கும் ஏசாயா 56, பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த அண்ணகரான எத்தியோப்பிய மந்திரியின் கதை (அப்போஸ்தலர் 8), மத்தேயு 19:12 ஆகியவை வரும். தன்பால் உறவு விவாதம் லேவியராகமம் 18:22, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9 ஆகியவற்றைச் சுற்றி நடக்கும். ஏசாயா 56-ஐக் காட்டித் தன்பால் திருமணத்துக்கு முடிவு சொன்னாலும், ரோமர் 1-ஐக் காட்டித் திருநங்கையின் ஞானஸ்நானத்தை மறுத்தாலும், நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படியை யார் எந்த வாதத்தால் நிரப்புகிறார்கள் என்று எழுதுவதுதான் கட்டுரையாளரின் வேலை.

இஸ்லாமியச் சட்ட மரபிலும் இதே பிரிவு உண்டு. பிறப்பிலேயே ஆண், பெண் அடையாளம் தெளிவில்லாதவரைக் குன்ஸா என்று அழைத்து, தொழுகையில் எந்த வரிசையில் நிற்பது, வாரிசுரிமையில் எந்தப் பங்கு என்றெல்லாம் பழைய ஃபிக்ஹு சட்ட நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பாலின மாற்றச் சிகிச்சை பற்றிய இன்றைய கேள்வி அந்த வாசல் வழியாக நுழைகிறது. அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரே பாலினத்தார் உறவுக்கு அந்த வாசல் இல்லை. எல்லா மத்ஹபுகளும், அதாவது எல்லாச் சட்டப் பள்ளிகளும், அதை விலக்கப்பட்டது என்றே கொள்கின்றன. மறுவாசிப்பு செய்யும் அறிஞர்கள் இன்று சிலர் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சிறுபான்மையினர் என்பதையும் கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது தவறுக்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. பல கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுகின்றன, பாதிக்கு மேல் தவறாக. 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. இருவரும் இந்துக்கள். திருமணத்தைப் பதிவு செய்யச் சென்றபோது சார்பதிவு அலுவலகம் மறுத்தது. மாவட்டப் பதிவாளரும் அந்த மறுப்பை உறுதி செய்தார். தம்பதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். இந்து திருமணச் சட்டம் மணமகள் என்று சொல்வது திருமண நாளில் உள்ள ஒரு பெண்ணை மட்டுமே குறிக்கும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் நால்சா வழக்கிலேயே ஏற்றுவிட்டது. எனவே அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் வரும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார். திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பை வைத்து, இந்து சமயம் தன்பால் திருமணத்தை ஏற்றுக்கொண்டது என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன. முதலாவது, அது தன்பால் திருமணமே அல்ல. சட்டத்தின் கண்ணில் ஓர் ஆணும் ஒரு பெண்ணாகத் தன்னை அடையாளப்படுத்தும் ஒருவரும் செய்துகொண்ட மணம் அது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. அதே தீர்ப்பு, எதிர்பால் உறவில் இருக்கும் திருநங்கையரும் திருநம்பியரும் நடைமுறையில் உள்ள சட்டங்களின்படி மணம் செய்யலாம் என்பதையும் ஏற்றது. தூத்துக்குடித் தீர்ப்பையும் டெல்லித் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் தொடக்கத்தில் சொன்ன பிரிவு சட்டத்திலும் இருப்பது தெரியும்.

இரண்டாவது, வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றது பதிவுத் துறை. ஆகமம் என்ன சொல்கிறது, அர்ச்சகர் மறுக்கலாமா என்பன தீர்ப்பின் மையக் கேள்விகளாக இருக்கவில்லை. சமயச் சுதந்திரத்துக்கான அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவை நீதிபதி எடுத்தது அந்தத் தம்பதியின் உரிமையாகத்தான்: அவர்களும் இந்துக்கள், அவர்களுக்கும் அந்தப் பிரிவு உண்டு என்று. விசுவாசி என்பவர் சமயத்துக்கு வெளியே நின்று கதவைத் தட்டும் ஆள் அல்ல, அந்தச் சமயத்தின் உரிமையிலேயே நிற்கிறவர் என்ற வாதம் இதில் இருக்கிறது. கருத்தரங்கில் விவாதிக்க வேண்டிய இடம் இதுதான், ஆனால் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மூன்றாவது, இந்து திருமணச் சட்டம் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பொருந்தாது. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவத் திருநங்கை தேவாலயத்தில் மணம் செய்ய விரும்பினால், அவர் முன்னால் இருப்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், சபையின் சொந்த ஒழுங்கு, மணம் நடத்தி வைக்க வேண்டிய ஐயரின், அதாவது சபை குருவின், சம்மதம். தூத்துக்குடித் தீர்ப்பு வாதத்துக்கு உதவலாம், ஆனால் அந்த ஐயரை அது கட்டாயப்படுத்தாது.

இனி, தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதும் தவறு. நம் பகுதிக் கிறிஸ்தவக் கட்டுரைகளில் இது அதிகம். இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு முடிவு எடுத்தால், நாமும் ஆங்கிலிக்கன் வழி வந்தவர்கள்தானே என்று திருநெல்வேலித் திருமண்டலத்தின் மேல் அதை ஏற்றிவிடுகிறார்கள். சிஎஸ்ஐ என்னும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் இணைந்து உருவானது. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அது உறுப்பு, ஆனால் அதன் கோட்பாட்டைத் தீர்மானிப்பது அதன் தலைமை மன்றமான சினாடு. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டின் தீர்மானங்கள்கூட உறுப்புச் சபைகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை.

அந்த மாநாட்டின் 1998-ஆம் ஆண்டுத் தீர்மானம் 1.10 இரு தரப்பும் பாதி பாதியாகப் பிய்த்துக் காட்டும் வாசகம். தன்பால் உறவு நடைமுறை வேதத்துக்கு ஒவ்வாதது என்று அது சொல்கிறது. தன்பால் ஈர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைக் கேட்க உறுதி கொள்வதாகவும், ஞானஸ்நானம் பெற்று விசுவாசிக்கிற எல்லாரும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அங்கங்கள் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்தால் ஒரு கட்சிக்குப் பிரசுரம், பின்பாதியை மட்டும் எடுத்தால் மறு கட்சிக்குப் பிரசுரம். இரண்டையும் வைத்து, இவை ஒரே சபைக்குள் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று கேட்டால் அது ஆய்வு.

கத்தோலிக்கர் பக்கம் எழுதுபவர்களுக்கும் இதே கவனம் தேவை. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 நவம்பரில் வெளியிட்ட பதிலில், சிகிச்சை செய்துகொண்ட திருநங்கையும் திருநம்பியும், மக்களிடையே இடறலோ குழப்பமோ வராத நிலையில், மற்றவர்களைப் போலவே திருமுழுக்குப் பெறலாம் என்றது. ஞானப்பெற்றோராக நிற்கவும் சில நிபந்தனைகளோடு இடமளிக்கலாம், ஆனால் அது உரிமை அல்ல என்றது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று வந்த ஆவணம், ஒரே பாலினத்தைச் சேர்ந்த இணையர் கேட்டால் குருக்கள் எளிய ஆசி வழங்கலாம், அது வழிபாட்டுச் சடங்காகவோ திருமணச் சாயலிலோ இருக்கக் கூடாது என்றது. 2024 ஏப்ரலில் அதே துறை வெளியிட்ட ஆவணம் பாலின மாற்றத் தலையீடுகளை மனித மாண்புக்கு ஆபத்து என்று எச்சரித்தது. வத்திக்கான் ஏற்றுக்கொண்டது என்றோ மறுத்துவிட்டது என்றோ ஒரே வரியில் எழுதுபவர் இந்த மூன்றில் இரண்டைப் படிக்கவில்லை என்றுதான் பொருள். டிசம்பர் ஆவணத்தைத் தங்கள் பகுதியில் செயல்படுத்தப் போவதில்லை என்று ஆப்பிரிக்க ஆயர்கள் 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஒரே திருச்சபைக்குள்ளும் நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

குலசேகரன்பட்டினம் தசராவை இங்கே சொல்லாமல் விட முடியாது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, காப்புக் கட்டி, ஆண்கள் பெண் வேடமும் காளி வேடமும் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை பிரிக்கிறார்கள். நம் மண்ணில் பாலின மாற்றம் எப்போதும் ஏற்கப்பட்டது என்பதற்கு இது ஆதாரமாகக் காட்டப்படுகிறது. நான் இதை ஆதாரமாக ஏற்க மாட்டேன். வேடம் நேர்த்திக்கடன், சூரசம்ஹாரம் முடிந்து காப்பை அவிழ்த்தால் அதுவும் முடிந்தது. வேடம் போட்டவர் மறுநாள் ஆணாகவே வீட்டுக்குப் போகிறார், யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. அதே தெருவில் வேடமில்லாமல் பெண்ணாகவே வாழும் திருநங்கைக்கு வீட்டிலும் கோயில் வரி பிரிப்பதிலும் என்ன இடம் என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். வரி கட்டும் குடும்பத் தலைக்கட்டாக ஒரு திருநங்கையை ஊர் எழுதிக்கொள்கிறதா என்று ஒரே ஓர் ஊரில் விசாரித்து எழுதினால்கூட, தசரா பற்றிய பத்துப் பக்கத்தைவிட அது பெறுமதியானது.

நடுநிலை என்று ஆளுக்குப் பாதிப் பக்கம் பிரித்துக் கொடுப்பதும் தவறே. ஒரு தரப்புக்கு இறையியல் பேராசிரியரையும் மறு தரப்புக்கு வாட்ஸ்அப்பில் வந்த வசையையும் மேற்கோள் காட்டினால், பக்கக் கணக்கு சரியாக இருந்தாலும் தராசு சாய்ந்துதான் இருக்கும். மரபு நிலையை எழுதும்போது அதை நம்புகிறவர் படித்து, ஆம், நான் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றம் கேட்கும் நிலையை எழுதும்போதும் அப்படியே. தரப்புகள் இரண்டுதான் என்பதும் உண்மையல்ல. தன் ஈர்ப்பை மறைக்காமல் சொல்லி, ஆனால் சபையின் போதனையை ஏற்றுத் துறவு நிலையில் வாழும் விசுவாசிகள் உண்டு. அவர்களை இரு பக்கமும் தங்கள் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறது, அவர்கள் சொல்வதையோ யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, நேர்காணல். இதில் தவறினால் ஒருவரின் வாழ்க்கையே சிதைந்துவிடும் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் பகுதியில் சேகரத்தின் பெயர், வயது, பார்க்கும் வேலை ஆகிய மூன்றும் சொன்னால் ஆளின் பெயரைச் சொன்னதுதான். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பாடகர் குழுவில் பாடும் இருபத்தைந்து வயது ஆசிரியர் என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் ஊர் கண்டுபிடித்துவிடும். சபையின் பெயருக்குப் பதில் பெரிய நகரத்துச் சபை அல்லது கிராமச் சபை என்று மட்டும் எழுதுங்கள், வேலையையும் வயதையும் விட்டுவிடுங்கள். எழுதிய பகுதியைச் சமர்ப்பிக்கும் முன் பேசியவரிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னால், அந்த வரி கட்டுரையிலேயே சிறந்ததாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.