ஏர் ஃப்ரையரா, ஓவனா: மின்செலவை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கிங் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் ஒரு கணக்கைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ஓடிஜி என்கிற மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன் 2000 வாட், ஒரு மணி நேரம் ஓடுகிறது, ஆகவே 2 யூனிட். ஏர் ஃப்ரையர் 1500 வாட், 22 நிமிடம் ஓடுகிறது, ஆகவே அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நான்கில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வறுவல் கிடைத்துவிடும் என்பது அவர்கள் முடிவு. இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன; இரண்டும் சேரும்போது வீட்டுக்குப் பொருந்தாத சாதனத்தை வாங்க வைக்கின்றன.

அச்சிட்ட வாட்டை நிமிடங்களால் பெருக்குவது

பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் வாட், கம்பிகள் முழுமூச்சில் எரியும்போது இழுக்கும் மின்சாரத்தின் அளவு. ஓவன் முழு நேரமும் அப்படி எரிவதில்லை. உள்ளே 200 டிகிரி எட்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. சூடு சற்று இறங்கியதும் மறுபடி இணைக்கிறது. ஓடிஜியின் அருகில் நின்றால், ஒரு சிறிய ‘டிக்’ ஓசையைத் தொடர்ந்து செக்கச் சிவந்த கம்பிகள் மங்கிக் கறுப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். சூடேறி முடித்த பிறகு, பாதிக்கும் குறைவான நேரமே கம்பிகள் எரிகின்றன. அதனால் 2 யூனிட் என்று கணக்கிட்ட ஓவன் உண்மையில் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் எடுத்துக்கொள்கிறது.

ஏர் ஃப்ரையரின் நிலை வேறு. அதன் விசிறி, குளிர்ந்த காய்மீது சுடுகாற்றை இடைவிடாமல் வீசிச் சூட்டை உணவுக்குள் செலுத்திக்கொண்டே இருப்பதால், அங்கே கம்பி ஓய்ந்திருக்கும் நேரம் குறைவு. ஆகவே தாளில் போட்ட எண்ணுக்கும் மீட்டர் காட்டும் எண்ணுக்கும் உள்ள தூரம் ஓவனில் பெரிது, ஏர் ஃப்ரையரில் சிறிது.

ஒரு கூடையை ஒரு தட்டோடு ஒப்பிடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். பணத்தையும் இதுதான் அதிகம் விழுங்குகிறது. வகுப்புக்கு வந்த ஒரு அம்மா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 40 லிட்டர் ஓடிஜியை உறவினருக்குக் கொடுத்துவிட்டு, 4 லிட்டர் ஏர் ஃப்ரையரை வாங்கினார். வீட்டில் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் கூடையில் வெந்தவை ஆறிப்போகும் வரை மற்றவர்கள் காத்திருக்க, அவர் நான்காவது கூடையை ஏற்றிக்கொண்டிருந்தார். “கரண்ட் மிச்சமாகும்னு சொன்னாங்களே மேடம்” என்று அவர் கேட்டபோது, அவரிடம் சொன்னவர்கள் எத்தனை பேருக்குச் சமைக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

உணவு வேகத் தேவையான வெப்பம் எந்தச் சாதனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிலோ உருளைக்கிழங்குத் துண்டுகளை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலை அருகே கொண்டுபோக 0.07 யூனிட் போதும். பொன்னிறமாக வறுபடும்போது அதிலிருந்து கால் கிலோ அளவுக்குத் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு 0.16 யூனிட் வேண்டும். ஆக உணவுக்குள் போவது 0.23 யூனிட் மட்டுமே. மீட்டரில் காணும் மீதி முழுவதும் சாதனத்தின் இரும்பையும் கண்ணாடியையும் சூடாக்குவதற்கும், சுவர் வழியாகவும் இடுக்கு வழியாகவும் சமையலறைக்குள் கசிவதற்கும் போகிறது. 40 லிட்டர் ஓடிஜியின் உடலும் தட்டும் சூடேறுவதற்கே 0.2 யூனிட் அளவில் தேவைப்படும். ஏர் ஃப்ரையரில் சூடேற வேண்டிய உலோகம் குறைவு, வெப்பம் கசியும் பரப்பும் குறைவு, வேகும் நேரமும் குறைவு. அதன் சிக்கனம் முழுவதும் இந்த மூன்றிலிருந்து வருவதே.

சிக்கல் பரப்பளவில் இருக்கிறது. ஓர் அங்குலத் துண்டுகள் வறுபட வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடையில் காற்றுப் போகும்படி பரவியிருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரக் கூடையில் அப்படி அரைக் கிலோதான் பரவும். ஓடிஜியின் தட்டில் ஒரு கிலோ தாராளமாகப் பரவும். என் வகுப்பறைச் சாதனங்களில், பிளக்கில் மாட்டும் மீட்டர் காட்டியவற்றை முழுமைப்படுத்திச் சொல்கிறேன். உங்கள் சாதனத்தில் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. அரைக் கிலோவுக்கு ஏர் ஃப்ரையர் 0.4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், ஓடிஜி முன்சூட்டையும் சேர்த்து 0.8 யூனிட்டும் எடுத்தன. ஒரு கிலோ என்றால் இரண்டு கூடைக்கு 0.75, ஓடிஜிக்கு 0.95. இரண்டு கிலோவை ஓடிஜியில் இரண்டு தட்டுகளில் வைத்து, விசிறியைப் போட்டு, பாதியில் தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி எடுத்தபோது 1.25 யூனிட் ஆனது. அதே இரண்டு கிலோவுக்கு ஏர் ஃப்ரையர் நான்கு முறை ஓடி, 1.5 யூனிட்டை எட்டியது.

ஓவனில் உணவு இரட்டிப்பானாலும் அதன் இரும்பைச் சூடாக்கும் செலவு இரட்டிப்பாவதில்லை; ஏர் ஃப்ரையரிலோ ஒவ்வொரு கூடைக்கும் ஏறக்குறைய முழுச் செலவையும் மறுபடி கொடுக்கிறோம். எனவே இருவர் அல்லது மூவர் உண்ணும் வீட்டில் ஏர் ஃப்ரையர் பாதிச் செலவில் வேலையை முடிக்கிறது. ஒன்றரைக் கிலோவை நெருங்கும்போது இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேல் ஓவனே சிக்கனம். ஆறு, ஏழு லிட்டர் கூடையில் இந்த எல்லை மேலே நகரும். ஆனால் வாங்கும்போது லிட்டரைப் பார்ப்பதைவிடக் கூடையின் அடிப்பரப்பை அளந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஆழம் வறுவலுக்கு உதவுவதில்லை.

நான்கு கூடையை இரண்டாக அடைப்பது

மேற்சொன்னதைக் கேட்டவர்கள் உடனே செய்வது இது. கூடை நிரம்பினால் துண்டுகளுக்கு இடையில் காற்று புகாது. உள்ளே இருப்பவை தங்கள் ஆவியிலேயே அவிந்து, மேலே இருப்பவை மட்டும் கருகும். நேரமும் நீள்வதால் மிச்சம் என்று நினைத்தது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

வேறு வேறு பதத்தில் நிறுத்திவிட்டு ஒப்பிடுவது

ஆவியாகும் தண்ணீரே உணவு உறிஞ்சும் வெப்பத்தில் பெரும்பங்கு என்பதால், ஒன்று வெளுத்தும் இன்னொன்று மொறுமொறுப்பாகவும் இருக்கும்போது மீட்டரை ஒப்பிடுவதில் பொருளில்லை. சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ 750 கிராமாக இறங்கியதும் இரண்டையும் நிறுத்தினால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

ஓவனைக் கடைசி நிமிடம் வரை எரியவிடுவது

இரும்புக்குள் ஏற்றிய வெப்பத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. வறுவல் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போதே கம்பிகளை அணைத்து, கதவை மூடியபடி விட்டால், அந்த வெப்பம் மீதி வேலையைச் செய்துவிடும். கதவு தளர்ந்த பழைய ஓடிஜியில் மட்டும் இது சரிவராது.

கதவைத் திறந்து திறந்து பார்ப்பது

கண்ணாடி அதற்காகத்தான் இருக்கிறது.

6 ஆம்பியர் பிளக்கில் வைத்து அளப்பது

230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். 2000 வாட் என்றால் எட்டே முக்கால். மீட்டரும் சுவரிலுள்ள சாக்கெட்டும் 16 ஆம்பியருக்கானவையாக இருக்க வேண்டும். அளந்துகொண்டிருக்கும்போது பிளக்கைச் சுற்றிச் சூடு தட்டினாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.