ஐந்து தவறுகள் கேரசல்: திட்டு இல்லாமல், திருத்தத்தோடு

ஆம்பூரில் லெதர் ஷூ விற்கும் ஒரு சின்னக் கடை இன்ஸ்டாகிராமில் 'ஷூ பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய 5 தவறுகள்' என்று ஒரு கேரசல், அதாவது ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்கும் பதிவு, போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

1. ஷூவைச் சரியாகப் பராமரிக்காமல் இருப்பது
2. தரமில்லாத பாலிஷ் போடுவது
3. ஈரத்தை அலட்சியப்படுத்துவது
4. முறையாக எடுத்து வைக்காமல் இருப்பது
5. ஒரே ஷூவைத் தினமும் போடுவது

இதில் ஐந்தாவது மட்டும்தான் தவறு. மற்ற நான்கும் குறை சொல்லுதல். வித்தியாசம் தெரிய ஒரு சோதனை போதும்: அந்தத் தவறை மொபைல் கேமராவில் படம் பிடிக்க முடியுமா? 'அலட்சியம்' என்பதைப் படம் பிடிக்க முடியாது. மழையில் நனைந்த ஷூ மறுநாள் காலை மொட்டை மாடிச் சுவர்மேல் வெயிலில் இருப்பதைப் படம் பிடிக்கலாம். படம் பிடிக்க முடிகிற தவறுக்குத்தான் திருத்தமும் சொல்ல முடியும், ஏனென்றால் அதில் ஒரு கை இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது. 'சரியாகப் பராமரியுங்கள்' என்று சொன்னால் படிப்பவர் இன்று மாலை வீட்டுக்குப் போய் என்ன செய்வார்?

அப்படிப்பட்ட தவறுகளை உட்கார்ந்து யோசித்து எடுக்க முடியாது. ரிப்பேருக்கு வரும் ஷூவிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு என்றால் சூட்டில் காயவைத்திருப்பார்கள். பின்பக்கக் குதிகால் மடங்கி நொறுங்கியிருந்தால் லேஸை அவிழ்க்காமல் காலை நுழைத்திருப்பார்கள். மேலே வெள்ளையாகப் பூசணம் என்றால் பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவுக்கு மேல் வைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்த மூன்றும் சேர்ந்தே கவுண்டருக்கு வரும். ஒவ்வொரு பழுதுக்கும் அதைச் செய்த ஒரு செயலை எழுதுங்கள். ஏழெட்டு சேர்ந்ததும், எதற்கு வீட்டிலேயே மாற்று இருக்கிறதோ அந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்று இல்லாத தவறு எவ்வளவு உண்மையானாலும் இந்தப் பதிவில் அதற்கு இடமில்லை.

இனி ஒரு ஸ்லைடை முழுதாக எழுதிப் பார்ப்போம்.

நனைந்த ஷூ நேர் வெயிலில் காயும்போது

ஏன்: ஈரம் வேகமாகப் போனால் தோல் சுருங்கி விறைக்கும். விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு விழும்.

மாற்று: லேஸையும் உள்ளே இருக்கும் அட்டையையும் எடுங்கள். கசக்கிய பேப்பரைத் திணித்து, நிழலில் ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பேப்பரை மாற்றுங்கள்.

சரிபார்க்க: உள்ளே வைத்த பேப்பர் காய்ந்தபடியே வெளியே வந்தால் ஷூ தயார்.

இதில் நான்கு பகுதி இருக்கிறது: சூழல், காரணம், மாற்று, சரிபார்க்கும் அடையாளம். அதிக இடம் மாற்றுக்குத்தான். பெரும்பாலான பதிவுகளில் இது தலைகீழாக இருக்கும். தவறைப் பற்றி மூன்று வரி, கடைசியில் 'எனவே கவனமாக இருங்கள்' என்று ஒரு வரி. படிப்பவருக்கு அது திட்டாகப் படுவது அந்த அளவுக் கணக்கால்தான். நல்ல வார்த்தைகளைத் தேடி அதைச் சரிசெய்ய முடியாது, இடத்தைத்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

காரணத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். ஆனால் காரணமே இல்லாமல் விட்டுவிடக் கூடாது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது பொய்யில்லை. அதனால்தான் எல்லோரும் வைக்கிறார்கள். சீக்கிரம் காய்வதே ஏன் கெடுதல் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை ஹேர் டிரையரையும் அடுப்படி ஓரத்தையும் அவர்களாகவே தவிர்ப்பார்கள்.

சரிபார்க்கும் வரியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நன்றாக நனைந்த ஷூ முழுதாகக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும், அது தோலின் தடிமனையும் காற்றில் உள்ள ஈரத்தையும் பொறுத்தது. அதனால் '24 மணி நேரம்' என்று எண் போட்டால் ஒருவருக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது. பேப்பர் காய்ந்து வருகிறதா என்பது எந்த வீட்டிலும் எந்த ஷூவுக்கும் பொருந்தும். வெளிர் நிற உட்துணி உள்ள ஷூவில் செய்தித்தாள் மை ஒட்டும், அதற்கு வெள்ளைத்தாள் நல்லது என்பது போன்ற விலக்குகளும், வெல்வெட் மாதிரி மேற்பரப்புள்ள ஸ்வேட் தோலுக்கு முறை வேறு என்பதும் கேப்ஷனில் போகட்டும். கேப்ஷனில் 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் இருக்கிறது.

அடுத்து, திட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழில் அது பெரும்பாலும் வினைமுற்றில் இருக்கும். 'ஷூவை வெயிலில் வைக்காதீர்கள்' என்றால் ஏற்கெனவே வைத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். 'நனைந்த ஷூ வெயிலில் காயும்போது' என்றால் வாக்கியத்தின் எழுவாய் ஷூ. படிப்பவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். தலைப்பிலும் காரணத்திலும் ஷூவும் தோலும் எழுவாயாக இருக்கட்டும். மாற்று வரியில் மட்டும் 'எடுங்கள், வையுங்கள், மாற்றுங்கள்' என்று நேராகப் பேசலாம், ஏனென்றால் அங்கே சொல்வது உதவி. அதுபோல 'கூட', 'இன்னுமா', 'பலருக்குத் தெரிவதே இல்லை' இந்த மூன்றையும் வரைவில் தேடி எடுத்துவிடுங்கள். 'பாலிஷ் போடும் முன் தூசியைக்கூடத் தட்டுவதில்லை' என்பதில் அந்த 'கூட' மட்டும் தனியாக நின்று அதட்டும். சிவப்புப் பெருக்கல் குறியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஐந்து ஸ்லைடில் ஐந்து பெருக்கல் குறி வந்தால், விடைத்தாளைத் திருப்பி வாங்குவது மாதிரி இருக்கும்.

இதைவிட ஆழமான திட்டு ஒன்று உண்டு. மக்கள் ஒரு தவறைச் செய்வதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கும். மாற்று அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாவிட்டால், எவ்வளவு மென்மையாக எழுதினாலும் அது திட்டுதான். ஷூவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எப்போதும் இருக்கிறது, தடவியதும் பளபளக்கிறது, அதனால் தடவுகிறார்கள். ஆனால் எண்ணெய் தோலுக்குள் இறங்கி நிறத்தைக் கருக்கும், மேலே தூசி ஒட்டும், பிறகு போடும் பாலிஷ் நிற்காது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் மார்கழி விடியலில் தையல் ஓரமாக வெள்ளைப் படிவும் தெரியலாம். இதற்கு 'தரமான லெதர் கிரீம் வாங்குங்கள்' என்று முடித்தால், நாளைக் காலை இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கு அதில் எதுவும் இல்லை. முதல் மாற்று வீட்டில் இருப்பதாக இருக்க வேண்டும்: தூசியைத் தட்டிவிட்டு, காய்ந்த பனியன் துணியால் ஒரு ஷூவுக்கு இரண்டு நிமிடம் அழுத்தித் தேயுங்கள், ஏற்கெனவே இருக்கும் பாலிஷே மினுங்கும். அடுத்த வரியில் நிறமில்லாத கிரீம், ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு, என்று சொல்லலாம்.

'ஒரே ஷூவைத் தினமும் போடுவது' ஸ்லைடில் இந்தச் சிக்கல் முற்றிவிடும். கடைக்காரருக்கு உடனே தோன்றும் மாற்று 'இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்' என்பது. உண்மைதான், பகலில் ஏறிய வியர்வை ஈரம் ஆற ஒரு நாள் இடைவெளி நல்லது. ஆனால் ஒரே ஜோடி உள்ளவர் அதைப் படிக்கும்போது தன் பணத்தட்டுப்பாட்டைத் தவறு என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். விற்பனையும் அதில் அப்பட்டமாகத் தெரியும். முன்னே சொன்ன நான்கு ஸ்லைடின் நம்பிக்கையும் அதில் போய்விடும். ஒரே ஜோடிக்காரருக்கு எழுதுங்கள்: வீட்டுக்கு வந்ததும் லேஸை முழுதாகத் தளர்த்தி ஷூவின் நாக்கை வெளியே இழுத்து விடுங்கள், இரவில் பேப்பர் வையுங்கள், மூடிய ஸ்டாண்டுக்குள் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் திறந்து வையுங்கள். இரண்டாவது ஜோடி பற்றி அந்த ஸ்லைடில் பேச்சே வேண்டாம்.

வரிசை பற்றிக் கொஞ்சம். ஒருவர் முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு நகர்த்தாமல் போனால், இன்ஸ்டாகிராம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டுவதுண்டு. ஆகவே 'வணக்கம் நண்பர்களே, இன்று நாம் பார்க்கப்போவது' என்று இரண்டாவது ஸ்லைடை வீணாக்காமல், இருப்பதிலேயே வலுவான தவறை அங்கே வையுங்கள். நம் பட்டியலில் அது வெயில் ஸ்லைடு. தவறு ஒரு ஸ்லைடிலும் மாற்று அடுத்த ஸ்லைடிலும் என்று பிரிக்கவும் வேண்டாம். யாராவது ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திட்டு மட்டும் தனியாகப் போய்ச் சேரும். அட்டைப்படம், ஐந்து தவறு, முடிவு என்று ஏழு ஸ்லைடு போதும். 20 வரை போடலாம் என்பதற்காக நீட்ட வேண்டியதில்லை.

அளவு 1080 x 1350 வையுங்கள். முதல் ஸ்லைடின் விகிதத்தையே மற்றவையும் எடுத்துக்கொள்ளும். 2025 முதல் புரொஃபைல் கட்டங்கள் 3:4 ஆனதால் அட்டைப்படத்தில் இடமும் வலமும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும். எழுத்தை ஓரத்தில் ஒட்ட வேண்டாம். தமிழ் எழுத்து அகலம் அதிகம், மேலே புள்ளியும் கீழே சுழியும் வரும். மாற்று வரி 44 பிக்சலுக்குக் குறையாமல், வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண் திணறாது. அப்படி வைத்தால் ஒரு ஸ்லைடில் சுமார் 45 சொல்தான் பிடிக்கும். மேலே எழுதிய வெயில் ஸ்லைடு அந்த அளவுக்குள் வருகிறது.

போட்டபின் படத்தை மாற்றிப் போட முடியாது. அதனால் போடும் முன் ஷூ தைக்கும் ஒருவரிடமும், ஷூ பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடமும் காட்டுங்கள். தைப்பவர் காரணம் சரியா என்று சொல்வார். மற்றவரிடம் 'இன்று ராத்திரி என்ன செய்வீங்க?' என்று மட்டும் கேளுங்கள். 'பேப்பர் வைப்பேன்' மாதிரி ஒரு செயல் வந்தால் அந்த ஸ்லைடு இருக்கட்டும். 'ஜாக்கிரதையா இருப்பேன்' என்றால் அந்த ஸ்லைடை மறுபடி எழுதுங்கள்.

ஏழாவது ஸ்லைடில் ஐந்தையும் திரும்பச் சொல்ல வேண்டாம். 'உங்க ஷூவில் எந்த இடம் முதலில் போகுது: முன்பக்க மடிப்பா, குதிகாலா, அடிப்பாகமா?' என்று ஒரு கேள்வி வையுங்கள். அடுத்த கேரசலுக்கான பழுதுப் பட்டியல் அந்தக் கமெண்டுகளிலேயே வந்து சேரும்.