COUNTIF: செல்லின் பெயரை மேற்கோளுக்குள் பூட்டாதீர்கள்

E1 செல்லில் உள்ள எண்ணைவிடப் பெரியவை B2 முதல் B9 வரை எத்தனை என்று எண்ண, எக்ஸெல் பழகத் தொடங்கியவர்கள் `=COUNTIF(B2:B9,>E1)` என்று அடித்தால், ஃபார்முலாவில் கோளாறு என்று எக்ஸெலே தடுத்துவிடும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. அடுத்து அவர்கள் செய்வதுதான் ஆபத்து: `>E1` முழுவதற்கும் மேற்கோள் போடுகிறார்கள். எக்ஸெல் வாயை மூடிக்கொண்டு ஒரு விடையையும் தந்துவிடும்.

தப்பான விடை, சரியான முகம்

பண்ருட்டி முந்திரி மண்டி ஒன்றின் எடைக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். B2 முதல் B9 வரை 48, 52, 50, 61, NIL, 45, 55, NIL. சரக்கு வராத நாளுக்கு NIL. E1-ல் 50. ஐம்பது கிலோவுக்கு மேல் எத்தனை நாள்?

```
=COUNTIF(B2:B9,">E1")
```

விடை 2. உண்மையில் 52, 61, 55 என மூன்று நாள். மேற்கோளுக்குள் போனதும் E1 செல்லாக இருப்பதில்லை; E, 1 என்ற வெறும் எழுத்துகள். அகரவரிசையில் "E1"-க்குப் பின்னால் வரும் எழுத்துகள் எந்தெந்தச் செல்லில் இருக்கின்றன என்று COUNTIF தேடுகிறது. N, E-க்குப் பின்னால் வருவதால் இரண்டு NIL-உம் அகப்படுகின்றன. எண்கள் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. பட்டியல் முழுக்க எண்ணாக இருந்தால் 0 வந்து சந்தேகமாவது எழும். 2 என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது அப்படியே அறிக்கைக்குப் போய்விடுகிறது. எரிச்சலே அதுதான்.

```
=COUNTIF(B2:B9,">"&E1)
```

குறிக்கு மட்டும் மேற்கோள், செல் வெளியே, நடுவில் `&`. முதலில் `&` வேலை செய்து, E1-ல் உள்ள 50-ஐக் குறியோடு ஒட்டி `>50` என்ற ஒரே எழுத்துத் தொடராக்குகிறது. COUNTIF அதை வாங்கி, முன்னால் இருக்கும் குறியைப் பிரித்தெடுத்து, மீதியை எண்ணாகப் படிக்கிறது. நிபந்தனைக்கு ஒரே இடம்தான் இருக்கிறது. குறியும் எண்ணும் ஒட்டிக்கொண்டுதான் அதற்குள் போக முடியும்.

சந்தேகம் வந்தால் காலியான செல்லில் `=">"&E1` என்று மட்டும் அடித்துப் பாருங்கள். `>50` தெரிந்தால் சரி. `>E1` தெரிந்தால் மேற்கோள் இடம் மாறியிருக்கிறது.

சமமா என்று பார்க்க

குறியே வேண்டாம். `=COUNTIF(B2:B9,E1)` போதும்.

`=>` அல்ல, `>=`

E1-க்குச் சமமானதையும் பெரியதையும் சேர்த்து எண்ணும்போது குறியை மாற்றி எழுதினால் `=` மட்டும் குறியாகி, `>50` என்ற எழுத்துக்குச் சமமான செல்லைத் தேடும். விடை 0. சரியாக எழுதினால் நம் கணக்கில் 4, ஏனென்றால் 50-உம் சேரும்.

தேதி

E1-ல் 1-1-2024 இருந்தால் மேலே சொன்ன சோதனையில் `>45292` என்று தெரியும். பதற வேண்டாம், எக்ஸெல் தேதியை உள்ளே அந்த எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. எண்ணிக்கை சரியாகவே வரும்.