தண்ணீர்ப் பம்புக்குக் கைநூல் எழுதும்போது ஏவல் வினையில் நேரும் தவறுகள்

விசுவமடுப் பக்கம் மிளகாய்க்கும் கச்சானுக்கும் கிணற்றிலிருந்து இறைக்கிற பெற்றோல் பம்பு ஒன்றுக்குத் தமிழில் கைநூல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கை தானாக இப்படி எழுதிவிடும்:

"பம்பினுள் நீர் நிரப்பவும் எஞ்சினை இயக்கவும் சோக்கைத் திறக்கவும்."

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் '-வும்' பல வேலை செய்கிற ஈறு. "வேகத்தைக் குறைக்கவும் எஞ்சினை நிறுத்தவும் இந்தப் பிடி உதவும்" என்பதில் அது கட்டளையே அல்ல. "எஞ்சின் நிற்கவும் தண்ணீரும் நின்றது" என்றால் 'நின்ற உடனே' என்று பொருள். ஆகவே மூன்று '-வும்' அடுத்தடுத்து வந்தால், வாசிப்பவர் முடிக்கும் வினையைத் தேடிக்கொண்டே போவார். எது முதல், எது பிறகு என்பது கரைந்துபோகும். இங்கே அந்த ஒழுங்குதான் முக்கியம். உள்ளே தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பு நீரை இழுக்காது. தண்ணீரால் குளிர வேண்டிய சீல் சூடேறிக் கருகி, பிறகு தண்டுப் பக்கத்தால் ஒழுகத் தொடங்கும்.

தொனியும் ஒன்று இருக்கிறது. '-வும்' மரியாதைக் குறைவல்ல, ஆனால் கச்சேரிச் சுவரில் "வரிசையில் நிற்கவும்" என்று எழுதியிருப்பதுபோல் முகமில்லாமல் ஒலிக்கும். 'நிரப்புக' என்றால் பரீட்சைத் தாள் நினைவு வரும். 'நிரப்பு' என்று வயதான ஐயா ஒருவருக்கு எழுதவே முடியாது. நம் பேச்சில் 'நீர்' என்று அழைப்பவருக்குச் சொல்லும் 'ஊற்றும்' அச்சில் ஏறினால், பம்புதான் எதையோ ஊற்றுகிறது என்று படும்.

செயற்படிகளுக்கு என் தெரிவு '-ங்கள்':

"முதலில் பம்பினுள் தண்ணீர் நிரப்புங்கள். நிரம்பி வழிந்ததும் மூடியை இறுக்குங்கள். அதன் பிறகு எஞ்சினை இயக்குங்கள்."

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். கொஞ்சம் நீளும், நீளட்டும்.

'தண்ணீர் நிரப்புதல்' தலைப்புக்குப் பொருந்தும். படியாக எழுதினால் யார் செய்வது என்பதே தெரியாது. கடைக்காரர் செய்து தருவார் என்றும் எண்ணலாம். கைப்பேசிச் செயலியின் பொத்தானில் 'சேமி', 'நீக்கு' என்று வருவது வேறு கதை: அங்கே பயனர்தான் கருவியை ஏவுகிறார், அதனால் ஒருமை உறுத்தாது. அந்தப் பழக்கத்தில் கைநூலிலும் 'அழுத்து' என்று எழுதுகிறார்கள். அங்கே ஏவப்படுபவர் வாசகர்.

தடை சொல்லும் இடத்தில் மட்டும் பணிவைக் குறைக்கலாம். "பெற்றோல் ஊற்ற வேண்டாம்" என்பதை 'இப்போது தேவையில்லை' என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. தீப்பிடிக்கக்கூடிய விடயத்தில் அந்த இடத்தை விடக் கூடாது. நிலைமையை முன்னால் வைத்து எழுதுங்கள்: "எஞ்சின் ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெற்றோல் ஊற்றக் கூடாது."