கடைசிக் காலாண்டைத் திறந்து விடாதீர்கள்

கொழும்பில் பாடசாலைச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றுக்கு ஆள், ஓவர்டைம், இருப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஏப்ரல் முதல் மார்ச் வரை நேரியல் திட்டம் போடுகிறீர்கள் என்று வைப்போம். ஆட்கள் 12 பேர். ஒருவர் காலாண்டுக்கு 600 சட்டை தைப்பார். கடைசிக் காலாண்டில் தேவை 4,200 ஆக இறங்குகிறது, கையிருப்பும் இல்லை. 7 பேர் போதும். நிறுத்தும் செலவு ஒரு காலாண்டுச் சம்பளத்தைவிடக் குறைவென்றால், தீர்வு மற்ற 5 பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும். ஏப்ரலில் அவர்களைத் திரும்ப எடுக்கும் செலவு அதன் கணக்கில் கிடையாது. ஐந்து குடும்பங்களின் பிழைப்பு இது, அப்படியே ஏற்காதீர்கள்.

முதலில் ஐந்தாவது காலாண்டின் தேவையையும் சேர்த்துத் தீர்த்துப் பாருங்கள். ஆட்குறைப்பு மறைந்தால், அது திட்டம் மார்ச்சோடு முடிந்ததால் வந்த கோளாறுதான். அப்போது இரண்டு கட்டுப்பாடுகள் போதும்:

```
W4 >= W0
I4 >= I0
```

W ஆட்கள், I இருப்பு, 0 தொடக்க நிலை, 4 நான்காம் காலாண்டின் முடிவு. அடுத்த ஆண்டுத் தேவை உண்மையிலேயே குறையுமானால் மட்டும் W0-க்குப் பதில் அந்தத் தேவைக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைப் போடுங்கள்.