பழமொழிக்கு ஒரு மேற்கோள் அட்டை: மூன்று வரி, ஒரே எழுத்துரு

ஏப்ரலில் சிங்கப்பூரின் தமிழ் மொழி விழா நெருங்கும்போது பள்ளிகளும் சமூக மன்றக் குழுக்களும் மேற்கோள் அட்டைகளைப் பகிரத் தொடங்குவார்கள். பலவற்றில் வாசகம் நன்றாக இருக்கும். ஆனால் எழுத்து ஓரத்தை முட்டிக்கொண்டோ, வரிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டோ இருக்கும். ‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்ற பழமொழியை வைத்து ஓர் அட்டையை முழுமையாகச் செய்து பார்ப்போம். கேன்வா, பவர்பாயிண்ட் என எந்தச் செயலியிலும் இதைச் செய்யலாம்.

1. அளவும் ஓரமும்

புதிய பக்கத்தை 1080 × 1350 பிக்சலில் திறங்கள். நான்கு பக்கமும் 120 பிக்சல் ஓரம் விடுங்கள். 120 அதிகமாகத் தெரியலாம், ஆனால் குறைக்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் சுயவிவரப் பக்கத்தில் படங்கள் இப்போது 3:4 கட்டத்தில் தெரிகின்றன. நம் அட்டை 4:5 என்பதால் அங்கே இடமும் வலமும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும். 120 விட்டிருந்தால் 86 மிஞ்சும். 40 மட்டும் விட்டிருந்தால் எழுத்து விளிம்பில் ஒட்டிக்கொள்ளும்.

பின்னணிக்கு `#F7F4EC`, எழுத்துக்கு `#222222` போதும். படமோ பூ வேலைப்பாடோ வேண்டாம்.

2. எழுத்துரு

Noto Sans Tamil எழுத்துருவை Medium தடிமனில் எடுங்கள். Noto Serif Tamil அழகானதுதான். ஆனால் அதன் மெல்லிய கோடுகள் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது மங்கிவிடும்.

தொடக்கத்தில் பலரைக் குழப்பும் ஒன்று உண்டு: எழுத்துருவை மாற்றிக்கொண்டே போவோம், தமிழ் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாததால், செயலி தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைக் காட்டுகிறது என்று பொருள். தமிழ் வடிவங்கள் உள்ள எழுத்துருவாகத் தேடி எடுங்கள். அதேபோல, தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் B பொத்தானை அழுத்தினால் செயலி கோடுகளைச் செயற்கையாகப் பருமனாக்கும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். அதைக் கூட்டினால் சில செயலிகளில் ‘மே’யின் கொம்பு மகரத்தை விட்டு விலகி நிற்கும்.

3. வரியை எங்கே உடைப்பது

கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஓரம் போக எழுத்துப் பெட்டியின் அகலம் 840 பிக்சல். 96 பிக்சல் எழுத்தில் ‘அடி மேல் அடி அடித்தால்’ ஒரே வரியில் அடங்காது. செயலியிடம் விட்டால் அது இடம் முடிந்த இடத்தில் உடைக்கும். நாமே Enter தட்டி உடைப்போம்.

‘அடி மேல் / அடி அடித்தால் / அம்மியும் நகரும்’ என்று உடைத்தால் வரிகள் படிப்படியாக நீண்டு, பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ‘அடி மேல் அடி’ என்ற சொற்கட்டு பிளந்துவிடுகிறது, வாசிப்பவர் நடுவில் தடுமாறுவார். எனவே:

அடி மேல் அடி
அடித்தால்
அம்மியும் நகரும்

நடுவரி குட்டையாக இருப்பதில் தவறில்லை. இடப்பக்கம் சீராக நிறுத்துங்கள். மூன்று வரியும் அகரத்தில் தொடங்குவதால் இடது ஓரம் தானாகவே கோடு போட்டதுபோல் அமையும். நடுவில் நிறுத்தினால் அந்த அழகு போய்விடும்.

வரி உயரம் 1.45. ஆங்கிலத்துக்குப் பழகிய 1.2 தமிழுக்குப் போதாது. மேலே புள்ளியும் கீழே உகரக் குறியும் இடம் கேட்கும். வேறு வாசகத்தில் மேல்வரியில் ‘கு’, ‘ரு’ போன்றவையும் கீழ்வரியில் ‘கீ’, ‘ம்’ போன்றவையும் நேருக்கு நேர் வந்தால் 1.55 வரை கூட்டுங்கள்.

4. உயரத்தைச் சரிசெய்தல்

பெட்டியை நடுவில் வைத்துவிட்டால் எழுத்தும் நடுவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பெட்டிக்குள் மேலும் கீழும் எழுத்துரு விடும் வெற்றிடம் சமமாக இருக்காது. எனவே பெட்டியை விட்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே அளவாக எடுங்கள்: முதல் வரியின் உச்சியிலிருந்து ‘நகரும்’ என்பதில் உள்ள ‘ரு’வின் அடிவரை ஒரு தற்காலிகச் செவ்வகம் வரைந்து, அதைப் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எல்லாவற்றையும் 40 பிக்சல் மேலே தள்ளுங்கள். சரியான நடுவில் வைத்தது கண்ணுக்குச் சற்றுக் கீழே சரிந்ததுபோல் தெரியும். செவ்வகத்தை அழித்துவிடுங்கள்.

கீழ் ஓரத்தில், அதே இடதுகோட்டில், ‘பழமொழி’ என்று 36 பிக்சலில் Regular தடிமனில் இடுங்கள். குழுவின் பெயர் வேண்டுமென்றால் அதே வரியில் சேர்க்கலாம். சின்னமும் பெயரும் இரண்டும் வேண்டாம்.

5. சேமித்துச் சோதித்தல்

PNG கோப்பாகச் சேமித்து முதலில் உங்கள் கைபேசிக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சாதாரணக் கைபேசித் திரையில் 96 பிக்சல் எழுத்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவுக்கு வரும், எளிதாகப் படிக்கலாம். ‘பழமொழி’ மங்கலாகத் தெரிந்தால் 40 ஆக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். குழுவில் பகிரும்போது வாட்ஸ்அப்பில் HD தேர்வைத் தொட்டு அனுப்பினால் கோடுகள் கூர்மையாக நிற்கும்.